டிஜிட்டல் ஆப்ஷனுக்கு விலை போடுவது எப்படி: நிஃப்டி 24,500 தாண்டினால் ஆயிரம் ரூபாய்

ஒருவர் உங்களிடம் வந்து இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றிலிருந்து முப்பதாவது நாள் எக்ஸ்பைரி. அன்று நிஃப்டி 24,500-க்கு மேல் முடிந்தால் எனக்கு ₹1,000 கொடுங்கள். 24,501-இல் முடிந்தாலும் ஆயிரம்தான், 26,000-இல் முடிந்தாலும் ஆயிரம்தான். அதற்குக் கீழே முடிந்தால் ஒன்றும் வேண்டாம். இந்த வாக்குறுதிக்கு இன்று என்ன கேட்பீர்கள்?

இதற்குப் பெயர் டிஜிட்டல் ஆப்ஷன். பைனரி என்றும் சொல்வார்கள். சாதாரண கால் ஆப்ஷனில் எவ்வளவு தூரம் தாண்டியது என்பதைப் பொறுத்துப் பணம் வரும். இதில் தாண்டியதா இல்லையா என்பது மட்டுமே கணக்கு. என்.எஸ்.இ.-யில் இப்படி ஒரு காண்ட்ராக்ட் பட்டியலில் கிடையாது. ஆனால் நம்மூரில் விற்கப்படும் மார்க்கெட் லிங்க்டு டிபெஞ்சர்களைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் இதுதான் இருக்கும். 'நிஃப்டி இந்த அளவுக்கு மேல் முடிந்தால் இவ்வளவு வட்டி, இல்லையென்றால் அசல் மட்டும்' என்ற வரி ஒரு கடன் பத்திரமும் ஒரு டிஜிட்டல் ஆப்ஷனும் சேர்ந்ததுதான்.

இணையத்தில் 'ஐந்து நிமிடத்தில் 80 சதவீத லாபம்' என்று வரும் பைனரி விளம்பரங்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் அவற்றைச் சில்லறை முதலீட்டாளர்களுக்கு விற்பதை 2018 ஜூலையில் தடை செய்தது. பிரிட்டன் 2019 ஏப்ரலில் நிரந்தரமாகவே மூடிவிட்டது. பெயர் ஒன்றுதான், ஆனால் அங்கே நியாயமான விலை என்ற பேச்சே கிடையாது. நமக்கு வேண்டியது அந்த நியாயமான விலை.

பாடப்புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிடும்: ஸ்ட்ரைக்குக்கு மேல் முடிவதற்கான ரிஸ்க் நியூட்ரல் நிகழ்தகவை எடுத்து, இன்றைய மதிப்புக்குத் தள்ளுபடி செய்து, தொகையால் பெருக்கு. வரி சரிதான். ஆனால் 'ரிஸ்க் நியூட்ரல் நிகழ்தகவு' என்ற சொல்லைப் பார்த்ததும் புதிதாக வருபவர்கள் அதை ஆரூடமாக எடுத்துக்கொள்கிறார்கள். பாதித் தவறுகள் அங்கே தொடங்குகின்றன. முதலில் எண்ணைப் போட்டுவிடுவோம். அது என்ன எண் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

முதல் படி: ஐந்து எண்களைச் சேர்ப்பது

நான் எடுத்துக்கொள்ளும் எண்கள் உதாரணத்துக்காக வைத்தவை. ஆனால் ஒரு சாதாரண நாளில் திரையில் காணக்கூடியவைதான். நிஃப்டி இப்போது 24,000. அதே எக்ஸ்பைரிக்கான ஃப்யூச்சர்ஸ் 24,100. ஸ்ட்ரைக் 24,500. காலம் 30 நாள். வட்டி ஆண்டுக்கு 6.5 சதவீதம். 24,500 கால் ஆப்ஷனின் ஐ.வி., அதாவது அதன் விலைக்குள் ஒளிந்திருக்கும் வாலட்டிலிட்டி, 12 சதவீதம்.

ஸ்பாட் விலையை விட்டுவிட்டு ஃப்யூச்சர்ஸ் விலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பாட்டிலிருந்து தொடங்கினால் வட்டியையும் டிவிடெண்டையும் நீங்களே ஊகித்துச் சேர்க்க வேண்டும். ஃப்யூச்சர்ஸில் சந்தை அதை ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. 1976-இல் ஃபிஷர் பிளாக் எழுதிக்காட்டிய வடிவம் இது. நிஃப்டி ஆப்ஷன்கள் ஐரோப்பிய வகை, எக்ஸ்பைரி அன்று மட்டுமே தீர்வாகும். அதனால் இந்த வடிவம் அப்படியே பொருந்தும்.

இரண்டாவது படி: d2

வாய்பாடு இது:

```
d2   = ( ln(F/K) - 0.5 * vol^2 * T ) / ( vol * sqrt(T) )
விலை = cash * exp(-r*T) * N(d2)
```

F ஃப்யூச்சர்ஸ், K ஸ்ட்ரைக், T ஆண்டுக் கணக்கில் காலம், vol வாலட்டிலிட்டி, N என்பது மணிவளைவில் ஓர் எண்ணுக்கு இடப்பக்கம் இருக்கும் பரப்பு. ஒவ்வொன்றாகப் போடுவோம்.

T என்பது 30/365, அதாவது 0.0822. அதன் வர்க்கமூலம் 0.2867. அதை 0.12-ஆல் பெருக்கினால் 0.0344. முப்பது நாளில் நிஃப்டி சாதாரணமாக 3.4 சதவீதம் மேலேயோ கீழேயோ அசையும் என்று இதைப் படிக்கலாம். ln(24100/24500) என்பது -0.01646. நாம் 1.6 சதவீதம் பின்தங்கி நிற்கிறோம். இதிலிருந்து வாலட்டிலிட்டி வர்க்கத்தைக் காலத்தால் பெருக்கியதன் பாதி, 0.00059, கழிகிறது. ஆக -0.01705. அதை 0.0344-ஆல் வகுத்தால் d2 = -0.496.

சந்தை வழக்கமாக அசையும் தூரத்தில் ஏறக்குறையப் பாதியளவு ஏறினால்தான் கோட்டைத் தொடுவோம் என்பதே இதன் பொருள். N(-0.496) = 0.310. அதாவது 31 சதவீதம்.

தள்ளுபடிக் காரணி exp(-0.065 × 0.0822) = 0.9947. ஆயிரத்தோடு பெருக்கினால் விலை ₹308.

எக்செல்லில் இது ஒரே கட்டத்தில் அடங்கிவிடும்: A1-இல் d2 இருந்தால் `=1000*EXP(-0.065*30/365)*NORM.S.DIST(A1,TRUE)`. பைத்தான் பழக்கம் உள்ளவர்களுக்கு:

```python
from math import log, sqrt, exp, erf

def N(x):
    return 0.5 * (1 + erf(x / sqrt(2)))

def digital_call(F, K, T, vol, r, cash):
    d2 = (log(F/K) - 0.5*vol**2*T) / (vol*sqrt(T))
    return cash * exp(-r*T) * N(d2)

print(digital_call(24100, 24500, 30/365, 0.12, 0.065, 1000))
```

308.4 என்று வர வேண்டும்.

இங்கே ஒரு சொந்தக் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் போட்ட ஷீட்டில் தள்ளுபடிக்கான கட்டத்தில் 30/365 சரியாக இருந்தது. d2-க்கான கட்டத்தில் மட்டும் 30 என்று விட்டிருந்தேன். விலை ₹360 என்று வந்தது. ₹5 என்றோ ₹5,000 என்றோ வந்திருந்தால் உடனே உறைத்திருக்கும். 360 பார்க்க நல்ல பிள்ளையாக இருந்ததால் இரண்டு நாள் யார் கண்ணிலும் படவில்லை. பக்கத்து மேசைக்காரர் ஸ்ட்ரைக்கை 26,000-க்கு மாற்றிப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. அவ்வளவு தூரத்து ஸ்ட்ரைக்குக்கும் என் ஷீட் ₹327 காட்டியது. சரியான விடை ₹13. அன்றிலிருந்து எந்த ஷீட்டையும் தூரத்து ஸ்ட்ரைக் ஒன்றைப் போட்டுப் பார்க்காமல் நம்புவதில்லை. மாதத்தில் எட்டு சதவீதம் ஏற வேண்டிய ஒரு பந்தயத்துக்குக் கொஞ்சம் சில்லறைதான் விலையாக வர வேண்டும்.

இன்னொரு சோதனை எளிது. 24,500-க்குக் கீழே முடிந்தால் ₹1,000 தரும் புட் வகை டிஜிட்டலுக்கும் விலை போடுங்கள். இரண்டையும் சேர்த்து வாங்கினால் எது நடந்தாலும் ஆயிரம் ரூபாய் கைக்கு வரும். எனவே இரண்டின் கூட்டுத்தொகை ஆயிரத்தின் இன்றைய மதிப்பான ₹994.67-ஆக இருந்தே தீரும். நம் கணக்கில் 308.41 + 686.26. சரியாக இருக்கிறது.

d2-வோடு vol * sqrt(T)-ஐக் கூட்டினால் வருவது d1. d2-க்குப் பதில் d1 போடுவது எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் பிழை. கால் ஆப்ஷனின் டெல்டாவில் N(d1)-ஐப் பார்த்துப் பார்த்துக் கை தானாக அதைத் தட்டிவிடும். இங்கே அது ₹321 தரும். வித்தியாசம் சிறியது என்பதால் கண்ணில் படாது. வாலட்டிலிட்டியும் காலமும் கூடக்கூட இடைவெளி பெரிதாகும். N(d1)-உம் ஒரு நிகழ்தகவுதான், ஆனால் பணத்தை ரூபாயில் அளக்காமல் குறியீட்டின் அலகில் அளப்பவரின் நிகழ்தகவு. நமக்கு வர வேண்டியது ரூபாய், ஆகவே d2.

மூன்றாவது படி: அந்த 31 சதவீதம் யாருடையது?

இப்போது ஒருவர் குறுக்கே வருவார். 'நிஃப்டி நீண்ட காலமாகவே ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆண்டுக்கு 12 சதவீதம் வளரும் என்று நான் நினைக்கிறேன். நீங்கள் ஃப்யூச்சர்ஸை நடுவில் வைத்துக் கணக்குப் போடுவது என்ன நியாயம்?'

அவர் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 24,000 ஆண்டுக்கு 12 சதவீத வேகத்தில் முப்பது நாள் வளர்ந்தால் ஏறத்தாழ 24,238. ஃப்யூச்சர்ஸ் இருந்த இடத்தில் அதை வைத்தால் நிகழ்தகவு 37 சதவீதம், விலை ₹369. அவர் நம்பிக்கை சரியாகவே இருக்கலாம். அதைப் பற்றி வாதாட வேண்டியதே இல்லை. அவர் ₹369-க்கு வாங்கத் தயார் என்றால் நான் விற்றுவிடுவேன், நிஃப்டி எங்கே போகும் என்ற கவலை துளியும் இல்லாமல்.

எப்படி என்று கிட்டத்தில் பார்ப்போம். நிஃப்டி கால் ஆப்ஷன்கள் 50 புள்ளி இடைவெளியில் கிடைக்கின்றன. நம் உதாரணச் சந்தையில் மூன்று விலைகள்: 24,450 கால் ₹187.25, 24,500 கால் ₹170.05, 24,550 கால் ₹153.95.

நான் 24,450 காலை வாங்கி 24,500 காலை விற்கிறேன். இதுதான் கால் ஸ்பிரெட். ஒன்றுக்கு ஆகும் செலவு ₹17.20. எக்ஸ்பைரியில் நிஃப்டி 24,500-ஐத் தாண்டினால் ஒரு ஸ்பிரெட் சரியாக ₹50 தரும், எவ்வளவு தாண்டினாலும் அதே ஐம்பது. ஆயிரம் வேண்டுமென்றால் இருபது ஸ்பிரெட். செலவு ₹344.

இப்போது நிலவரம் இது. அவரிடம் ₹369 வாங்கினேன், ஸ்பிரெட்டுக்கு ₹344 கொடுத்தேன், கையில் ₹25 மீதம். நிஃப்டி 24,510-இல் முடிந்தால் ஸ்பிரெட்டிலிருந்து ஆயிரம் வரும், அதை அப்படியே அவரிடம் கொடுப்பேன். 24,480-இல் முடிந்தால் அவருக்கு ஒன்றும் இல்லை, எனக்கு ஸ்பிரெட்டிலிருந்து 30 × 20, ஆக ₹600 கூடுதலாகக் கிடைக்கும். 24,000-இல் முடிந்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை, ₹25 என்னிடமே இருக்கும். எந்த முடிவிலும் எனக்கு நஷ்டம் இல்லை.

எனவே ₹344-க்கு மேல் இந்த டிஜிட்டலுக்கு விலை நிற்காது. என்னைப் போல் நாலு பேர் விற்க வந்துவிடுவார்கள். 12 சதவீத வளர்ச்சி உண்மையா பொய்யா என்ற கேள்வி இதில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பக்கத்துக் கடையில் உதிரி பாகங்கள் என்ன விலைக்குக் கிடைக்கின்றனவோ அதுதான் முழுப்பொருளின் விலையைக் கட்டிப்போடுகிறது. ரிஸ்க் நியூட்ரல் நிகழ்தகவு என்பது இதுதான்: சந்தையில் விற்கும் மற்ற ஆப்ஷன்களோடு முரண்படாமல் இருக்க, நிகழ்தகவு போல எழுதப்பட்ட ஒரு விலை. நடக்கப்போவதன் வாய்ப்பு அல்ல. மக்கள் பொதுவாக ஏற்றத்துக்குக் கொடுப்பதைவிட வீழ்ச்சிக்கான காப்பீட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருப்பார்கள். அந்தப் பயமும் இந்த எண்ணுக்குள் கலந்தே இருக்கிறது.

நான்காவது படி: நம் 308-உம் தவறு

அடுத்தவர் கணக்கில் குற்றம் கண்டுபிடித்தாயிற்று. அதே சோதனையை நம் ₹308-க்கும் வைக்க வேண்டுமல்லவா?

கீழ்ப்பக்க எல்லையைப் பாருங்கள். 24,500 காலும் 24,550 காலும் சேர்ந்த ஸ்பிரெட்டின் விலை 170.05 - 153.95 = ₹16.10. இருபது ஸ்பிரெட்டுக்கு ₹322. இந்த இருபது ஸ்பிரெட் எந்த முடிவிலும் நம் டிஜிட்டலைவிடக் கூடுதலாகத் தராது. 24,500-க்குக் கீழே இரண்டும் பூச்சியம். 24,520-இல் ஸ்பிரெட் 400 தரும், டிஜிட்டல் ஆயிரம் தரும். 24,550-க்கு மேல் இரண்டும் ஆயிரம்.

அப்படியென்றால், நான் ₹308-க்கு டிஜிட்டலை விற்பேன் என்று உட்கார்ந்திருந்தால் ஒருவர் வந்து என்னிடம் அதை வாங்கி, சந்தையில் இந்த ஸ்பிரெட்டை ₹322-க்கு விற்றுவிட்டு, ₹14-ஐ ஜேபியில் போட்டுக்கொண்டு போய்விடுவார். வாய்பாட்டைப் பிசகில்லாமல் போட்டும் விலை எல்லைக்கு வெளியே விழுந்துவிட்டது. சரியான விலை 322-க்கும் 344-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

காரணம் ஸ்க்யூ. அந்த மூன்று கால் விலைகளிலிருந்து ஐ.வி.-யைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் 24,450-க்கு 12.05 சதவீதம், 24,500-க்கு 12.00, 24,550-க்கு 11.95 என்று வரும். பங்குக் குறியீடுகளில் ஸ்ட்ரைக் ஏற ஏற ஐ.வி. இறங்குவது வழக்கம், 1987 அக்டோபர் வீழ்ச்சிக்குப் பிறகு அமெரிக்கச் சந்தையில் இது நிலைத்துவிட்டது. நம் வாய்பாடோ எல்லா ஸ்ட்ரைக்குக்கும் ஒரே 12 சதவீதம் என்று எடுத்துக்கொண்டது. பார்வைக்கு 0.05 ஒரு தூசி. ஆனால் டிஜிட்டல் என்பது இரண்டு அடுத்தடுத்த கால்களின் வித்தியாசம். வித்தியாசத்தில் தூசியும் மலையாகும்.

திருத்தம் கடினமில்லை. சாதாரண காலுக்கு வேகா என்று ஒன்று உண்டு, ஐ.வி. ஒரு சதவீதப் புள்ளி ஏறினால் காலின் விலை எவ்வளவு ஏறும் என்பது. நம் 24,500 காலுக்கு அது ₹24.65. ஸ்ட்ரைக் ஒரு புள்ளி நகர்ந்தால் ஐ.வி. 0.001 சதவீதப் புள்ளி இறங்குகிறது. இரண்டையும் பெருக்கினால் 0.02465. இது டிஜிட்டலின் ஒவ்வொரு ரூபாய்க்கும் சேர வேண்டிய தொகை. ஆயிரத்துக்கு ₹24.65.

```
விலை = cash * ( exp(-r*T)*N(d2) - vega * (dvol/dK) )
     = 308.4 + 24.65 = 333.05
```

சாய்வு கீழ்நோக்கி இருப்பதால் dvol/dK எதிர்மறை. கழித்தலோடு எதிர்மறை சேர்ந்து கூட்டலாகிறது. குறியை மாற்றிப் போட்டு 284 என்று சொல்லிவிடுபவர்களும் உண்டு. பங்குக் குறியீட்டில் ஸ்க்யூ கீழ்நோக்கி இருக்கும்வரை கால் வகை டிஜிட்டல் வாய்பாட்டு விலையைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

வாய்பாடே வேண்டாம் என்றால் குறுக்குவழி இருக்கிறது. 24,450 காலை வாங்கி 24,550 காலை விற்றால் ₹33.30. அகலம் நூறு, ஆக ஆயிரத்துக்குப் பத்து ஸ்பிரெட், ₹333. எந்த மாடலும் இல்லாமல் அதே விடை. சந்தையில் அடுத்தடுத்த கால் விலைகள் தெரிந்தால் அதன் மனதில் இருக்கும் நிகழ்தகவுப் பரவல் முழுவதையும் இப்படியே வெளியே இழுத்துவிடலாம் என்று பிரீடனும் லிட்சன்பெர்கரும் 1978-இல் எழுதினார்கள். என் வழக்கம் இந்தக் குறுக்குவழியில்தான் தொடங்குவது. வாய்பாட்டு விடையைப் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஸ்க்யூவால் விளக்கப்படுகிறதா என்று பார்ப்பேன். விளக்கப்படவில்லையென்றால் ஏதோ ஒரு ஆப்ஷனின் கடைசி விலை பழையதாக இருக்கும், காலையில் நடந்த வியாபாரத்தின் விலையை மதியம் பார்த்துக்கொண்டிருப்போம். கடைசி விலையை விட்டு, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுப்புள்ளியை எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அந்த நடுப்புள்ளி விலைக்கு உங்களால் வாங்கவோ விற்கவோ முடியாது என்பது தனிக் கதை. இரண்டு கால்களிலும் ஐம்பது பைசா இடைவெளி விட்டுப்போனாலே இருபது ஸ்பிரெட்டில் ₹20 ஓடிவிடும். மேலே ₹25 லாபம் என்று பெருமையாகச் சொன்னேனே, அதில் பெரும்பகுதி அந்த இடத்திலேயே கரைந்திருக்கும். தவிர, ஒரு நிஃப்டி லாட் இருபது யூனிட்டைவிடப் பெரியது. ஆயிரம் ரூபாய்க்கு யாரும் இதைச் செய்ய முடியாது, செய்பவர்கள் லட்சங்களிலும் கோடிகளிலும் செய்கிறார்கள். கணக்கின் விகிதம் மட்டும் மாறாது.

வாலட்டிலிட்டி ஏறினால் விலை எந்தப் பக்கம் போகும்?

சாதாரண ஆப்ஷன் பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். அங்கே வாலட்டிலிட்டி ஏறினால் விலை ஏறும், அவ்வளவுதான். டிஜிட்டலில் அது எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது.

நம் 24,500 டிஜிட்டலில் ஐ.வி.-யை 12-லிருந்து 15 சதவீதமாக ஏற்றினால் விலை 308-லிருந்து 341 ஆகிறது (ஸ்க்யூவை இங்கே ஒதுக்கி வைத்திருக்கிறேன்). கோட்டுக்குக் கீழே நிற்பவருக்குக் கலவரம் நல்லது, தூக்கிப் போடலாம். ஆனால் ஸ்ட்ரைக் 23,700 என்று வையுங்கள், ஃப்யூச்சர்ஸ் ஏற்கெனவே மேலே நிற்கிறது. 12 சதவீதத்தில் அதன் விலை ₹677. அதையே 15 சதவீதத்தில் போட்டால் ₹640. ஜெயித்துக்கொண்டிருப்பவருக்குக் கலவரம் கெடுதல்.

ஃப்யூச்சர்ஸ் சரியாக ஸ்ட்ரைக்கிலேயே இருந்தால் பாதிக்குப் பாதி என்று நினைப்போம். 24,100 ஸ்ட்ரைக்குக்குப் போட்டுப் பாருங்கள், N(d2) 49.3 சதவீதம்தான் வரும். வாலட்டிலிட்டி வர்க்கத்தின் பாதியைக் கழித்தோமே, அதன் வேலை இது. விலை மேலே எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம், கீழே பூச்சியத்தோடு நின்றுவிடும். அதனால் சராசரி 24,100-ஆக இருக்க வேண்டுமென்றால் நடுப்புள்ளி கொஞ்சம் கீழே, 24,086 பக்கம் விழுந்தாக வேண்டும். ஒரு மாதத்துக்கு இது பொருட்டில்லை. மூன்று வருட டிபெஞ்சர் ஒன்றில் பார்த்தால் நன்றாகவே தெரியும்.

ஐந்தாவது படி: விற்றுவிட்டால் என்ன ஆகும்

விலை போடுவது ஒரு நாள் வேலை. விற்ற பிறகு முப்பது நாளும் அதோடு வாழ வேண்டும். டெல்டாவைப் பாருங்கள், அதாவது நிஃப்டி ஒரு புள்ளி அசைந்தால் டிஜிட்டல் விலை எத்தனை ரூபாய் அசையும் என்பது. இன்று, முப்பது நாள் மீதமிருக்கும்போது, அது ஏறத்தாழ 42 பைசா. எக்ஸ்பைரிக்கு ஒரு நாள் இருக்கையில் நிஃப்டி 24,500-ஐ ஒட்டி நின்றால் புள்ளிக்கு ₹2.59. ஒரு மணி நேரம் மட்டும் மீதமிருந்தால் ₹12.70.

இதன் பொருளை உட்கார்ந்து யோசித்தால்தான் பயம் வரும். ஆயிரம் ரூபாய் டிஜிட்டலை விற்றவர் ஃப்யூச்சர்ஸ் வைத்து அதை ஈடுகட்டுகிறார் என்றால், கடைசி மணி நேரத்தில் முதல் நாள் வைத்திருந்ததைப் போல முப்பது மடங்கு ஃப்யூச்சர்ஸ் கையில் இருக்க வேண்டும். நிஃப்டி எழுபது எண்பது புள்ளி நகர்ந்துவிட்டால் அத்தனையையும் கிட்டத்தட்ட முழுதாகத் தூக்கி எறிய வேண்டும், திரும்பி வந்தால் மறுபடி வாங்க வேண்டும். நிஃப்டி கோட்டுக்குக் கீழே இருக்கும்போதெல்லாம் ஏறிய விலையில் வாங்கி இறங்கிய விலையில் விற்பார். N(d2) வாய்பாடு இந்தக் காட்சியைப் பார்ப்பதில்லை. செலவில்லாமல், நொடிக்கு நொடி, எந்த அளவிலும் வாங்கி விற்கலாம் என்பது அதன் அனுமானம்.

அதனால் விற்பவர்கள் டிஜிட்டலை டிஜிட்டலாகவே புத்தகத்தில் வைப்பதில்லை. 24,500 டிஜிட்டலை விற்றால், கணக்கில் 24,450-க்கும் 24,500-க்கும் இடையேயான கால் ஸ்பிரெட் இருபதை விற்றதாக எழுதிக்கொள்வார்கள். வாடிக்கையாளரிடம் கேட்கும் விலை ₹333 அல்ல, ₹344-ஐ ஒட்டி இருக்கும். செங்குத்தான சுவர் ஐம்பது புள்ளி நீளச் சரிவாக மாறுகிறது, டெல்டா புள்ளிக்கு ₹20-க்கு மேல் எந்த நிமிடத்திலும் போகாது. அந்த அகலத்தை எவ்வளவு வைப்பது என்பதில் இரண்டு டிரேடர்கள் ஒத்துப்போக மாட்டார்கள். தொகை பெரிதாக இருந்தால், கடைசி நாளில் அந்த ஸ்ட்ரைக் பக்கம் எவ்வளவு வியாபாரம் நடக்கும் என்று பார்த்து அகலமாக்குவார்கள். நூறு புள்ளி அகலம் எடுத்து 24,400-லிருந்து தொடங்கினால் நம் உதாரணத்தில் விலை ₹356 ஆகிவிடும். வாடிக்கையாளர் அந்த விலைக்கு வாங்குவாரா என்பது அவர் வேறு எத்தனை பேரிடம் விலை கேட்டிருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

ஒப்பந்தத் தாளில் ஒரு வார்த்தையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்: '24,500-க்கு மேல்' என்றிருக்கிறதா, '24,500 அல்லது அதற்கு மேல்' என்றிருக்கிறதா. மாடலில் இரண்டுக்கும் ஒரே விலை, சரியாக அந்தப் புள்ளியில் முடிவதற்கான வாய்ப்பு அங்கே பூச்சியம். திரையில் நிஃப்டி இரண்டு தசம இடங்களோடு முடிகிறது, 24,500.00 என்ற எண்ணும் வரக்கூடியதுதான்.